சங்கத்தின் பதிவேடு மென்பொருள் நிறுவனத்திடம் போகும்போது: ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் இயங்கும் ஒரு மகளிர் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி கடந்த ஆண்டு எனக்கு ஓர் ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தார். பதினொரு பக்கங்கள், முழுவதும் ஆங்கிலம். சங்கம் அதுவரை பயன்படுத்திய கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு, இணையவழி இயங்கும் வேறொன்றுக்கு மாற இருந்தது. “பிள்ளை, விலை சரி. மற்றது என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

நான் சட்டத்தரணி அல்ல. ஆகவே முதலில் ஒப்பந்தத்தை மூடி வைத்துவிட்டு, சங்கத்தின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி இலக்கம், சேமிப்பு, கடன், தவணை. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். அதில்தான் கண் நின்றது. ‘கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்.’ ‘முன்னாள் போராளி, புனர்வாழ்வு பெற்றவர்.’ ‘வலது கால் இல்லை.’ ‘தனித்து வாழ்பவர், இரண்டு பெண் பிள்ளைகள்.’

மீள்குடியேற்றத்துக்குப் பின் வாழ்வாதார உதவி வழங்கிய நிறுவனங்கள், யாருக்கு முன்னுரிமை கொடுப்பது என்று தீர்மானிக்க இந்த விபரங்களைக் கேட்டன. படிவத்தில் நிரப்பியதை யாரோ கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். உதவித் திட்டங்கள் முடிந்துபோயின. குறிப்பு மட்டும் அப்படியே இருந்தது. தவணைக் கணக்கு வெளியே போனால் அது அவமானம். இந்த நிரல் வெளியே போனால், யார் வீட்டில் ஆண் துணை இல்லை, யாரைத் தேடிப் போய் விசாரிக்கலாம் என்ற பட்டியல் யாரோ ஒருவரின் கைக்குக் கிடைத்துவிடும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரையும், அவருக்காக அந்தத் தரவைக் கையாள்பவரையும் அது பிரித்துப் பார்க்கிறது. இங்கே சங்கம் முதலாமவர், மென்பொருள் நிறுவனம் இரண்டாமவர். நிறுவனத்தின் கணினியில் தவறு நடந்தாலும், உறுப்பினருக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியது சங்கம்தான். இச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் பிற்போடப்பட்டன. அப்படியான நிலையில் சங்கத்தின் கையில் இருக்கும் உறுதியான பிடி, இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான். அதில் நான் மூன்று இடங்களைத் தேடினேன்.

எது ‘வாடிக்கையாளர் பதிவு’?

ஒப்பந்தம், ‘வாடிக்கையாளர் மென்பொருளில் உள்ளிடும் தகவல்’ என்று மட்டும் சொன்னது. படிக்கும்போது போதும் போலத்தான் இருந்தது. ஆனால் மாற்றம் எப்படி நடக்கும் என்று கேட்டபோதுதான் இடைவெளி தெரிந்தது. பழைய பதிவேட்டை எக்செல் கோப்பாக்கி, நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். அவர் அதைத் தன் மடிக்கணினியில் வைத்துச் சரிசெய்து, பின்னர் ஏற்றுவாராம். அந்த மடிக்கணினிப் பிரதி ‘மென்பொருளில் உள்ளிட்டது’ அல்ல. பரிசோதனைக்காக எடுக்கும் பிரதியும் அல்ல. அடையாள அட்டையின் படங்களும் அப்படியே வெளியில் நின்றுவிடலாம்.

ஆகவே வரைவிலக்கணத்தை மாற்றச் சொன்னோம்: ‘சங்கமோ அதன் உறுப்பினர்களோ எந்த வழியில் வழங்கியிருந்தாலும், அவர்களைப் பற்றிய எல்லாத் தகவல்களும், அவற்றின் இணைப்புகள், குறிப்புகள், காப்புப் பிரதிகள், பரிசோதனைப் பிரதிகள் உட்பட.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: காணாமல் ஆக்கப்பட்டோர், புனர்வாழ்வு, உடற்குறைபாடு, குடும்ப நிலை பற்றிய தகவல்கள் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவை.

இந்த இரண்டாவது வரி ஏன்? இனம், அரசியல் கருத்து, உடல்நலம், குற்ற வழக்கு போன்றவற்றைச் சட்டம் தனிவகையாகக் குறிக்கிறது. ‘கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பது அந்த வகைகளில் அடங்குமா என்று பிறகு வாதிட்டுக்கொண்டிருப்பதை விட, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதிவிடுவது பாதுகாப்பானது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்?

இரண்டாவது இடம், தரவு கசிந்தால் அறிவிப்பது. ஒப்பந்தம் சொன்னது: ‘உறுதிப்படுத்தப்பட்ட மீறல் குறித்து நியாயமான காலத்துக்குள் அறிவிக்கப்படும்.’ இதில் இரண்டு சொற்கள் ஆபத்தானவை. ‘உறுதிப்படுத்தப்பட்ட’ என்றால், நிறுவனம் விசாரணையை முடிக்கும்வரை கடிகாரம் ஓடாது. ‘நியாயமான’ என்றால், ஓடத் தொடங்கிய கடிகாரத்துக்கும் முடிவு இல்லை.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் பிளக்போட் நிறுவனம் தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகளுக்காக நன்கொடையாளர் பதிவுகளைக் கையாளும் மென்பொருளை வழங்குகிறது. 2020 பெப்ரவரியில் அதன் கணினிகளுக்குள் ஒருவர் புகுந்தார். மே மாதம்தான் நிறுவனம் கண்டுபிடித்தது. வாடிக்கையாளர்களுக்கு அறிவித்ததோ ஜூலை 16ஆம் திகதி. வங்கிக் கணக்கு விபரங்கள் எடுக்கப்படவில்லை என்று முதலில் சொன்னது. சில வாடிக்கையாளர்களின் விடயத்தில் அது சரியல்ல என்பதை செப்ரெம்பர் இறுதியில்தான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கை அமைப்புகள் பாதிக்கப்பட்டன. அவற்றின் நன்கொடையாளர்கள் தங்கள் கணக்கைக் கவனித்திருக்க வேண்டிய வாரங்கள் எல்லாம் ஒன்றும் தெரியாமலே கழிந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, கையாளும் நிறுவனம் தாமதமின்றி உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. உரிமையாளர், தான் அறிந்ததிலிருந்து 72 மணித்தியாலங்களுக்குள் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாங்கள் 24 மணித்தியாலம் கேட்டோம். நிறுவனம் மறுத்தது. 48க்கு உடன்பட்டோம். ஆனால் மணித்தியாலத்தை விட எங்களுக்கு முக்கியமாக இருந்தது தொடக்கப் புள்ளி. ‘மீறல் நடந்திருக்கலாம் என்று நிறுவனமோ, அதன் ஊழியரோ, அது பணிக்கமர்த்திய வேறு எவருமோ நியாயமாகச் சந்தேகித்த நேரத்திலிருந்து’ என்று எழுத வைத்தோம்.

ஓர் உதாரணத்தில் வேறுபாடு தெரியும். வெள்ளிக்கிழமை மாலை தொழில்நுட்பவியலாளரின் மடிக்கணினி பேருந்தில் தொலைகிறது. பழைய வாசகப்படி, அதை யாராவது திறந்து பார்த்தது உறுதியாகும்வரை சங்கத்துக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புதிய வாசகப்படி, ஞாயிறு மாலைக்குள் தலைவியின் தொலைபேசி ஒலிக்க வேண்டும். என்ன தொலைந்தது, எத்தனை பேரின் எந்தெந்த விபரங்கள் அதில் இருந்தன, கடவுச்சொல் பூட்டும் மறைகுறியாக்கமும் இருந்தனவா, இப்போது என்ன செய்யப்படுகிறது என்று முதல் அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். தெரியாதவற்றைத் தெரியவந்த பிறகு சேர்க்கலாம். எல்லாம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. அறிவிப்பு போக வேண்டிய இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதினோம். பொது மின்னஞ்சலுக்கு வந்து யாரும் திறக்காத அறிவிப்பால் பயன் இல்லை.

பிரியும்போது எது மிஞ்சும்?

மூன்றாவது இடத்தைப் பலர் வாசிப்பதே இல்லை. சேரும்போது பிரிவதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. இங்கே எழுதியிருந்தது: ‘ஒப்பந்தம் முடிந்த பின் நிறுவனம் தன் கொள்கைக்கமைய தரவை அழிக்கலாம்.’ அழிக்கலாம் என்றால், அழிக்காமலும் விடலாம்.

பிளக்போட் விவகாரத்தில் இதுவும் நடந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024இல் அந்நிறுவனத்தின் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, விலகிப்போன முன்னாள் வாடிக்கையாளர்களின் தரவைத் தேவைக்கு மேல் பல ஆண்டுகள் வைத்திருந்தது என்பது. தாங்கள் எப்போதோ விட்டுவந்த இடத்திலிருந்து தங்கள் பதிவுகள் திருடப்பட்டதை அவர்கள் அறிய நேர்ந்தது. திருடியவர் தரவை அழித்துவிடுவதாகச் சொன்னதை நம்பி நிறுவனம் 24 பிட்கொயின் கொடுத்தது. அழிக்கப்பட்டதா என்பதை அதனால் உறுதிப்படுத்த முடியவில்லை. அழித்துவிட்டோம் என்ற வெறும் வாக்கின் பெறுமதி அவ்வளவுதான்.

நாங்கள் எழுதியதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் திருப்பித் தருவது, பிறகு சரிபார்ப்பது, கடைசியில் அழிப்பது. ஒப்பந்தம் முடிந்து 14 நாட்களுக்குள் முழுப் பதிவேட்டையும் எக்செல்லில் திறக்கக்கூடிய வடிவில் தர வேண்டும். தமிழ் எழுத்துகள் யுனிகோட்டில் இருக்க வேண்டும். பழைய மென்பொருளிலிருந்து வந்த கோப்பில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருந்தன. கமலா என்ற பெயர் திரையில் fkyh என்று நின்றது. இதைச் சரிபார்க்காமல் மூலத்தை அழித்திருந்தால், பெயர்களை மீட்பதே தனி வேலையாகியிருக்கும்.

சங்கம் ‘சரி’ என்று எழுத்தில் கொடுத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் பயன்பாட்டிலுள்ள பிரதிகள் அழிய வேண்டும். காப்புப் பிரதியில் ஒருவரின் பதிவை மட்டும் தேடி அழிப்பது கடினம் என்று நிறுவனம் சொன்னது. அது உண்மைதான். பழைய காப்புப் பிரதியின் மேல் புதியது எழுதப்படும் சுழற்சி எத்தனை நாள் என்று கேட்டோம். 35 நாட்கள் என்றார்கள். அதையே எழுதினோம், அதுவரை அந்தப் பிரதியை வேறெதற்கும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன். நிலுவைக் கட்டணம் இருந்தாலும் தரவைப் பிடித்து வைக்க முடியாது என்று ஒரு வரி சேர்த்தோம். முடிவில், எந்தெந்த இடங்களிலிருந்து எந்தத் திகதியில் அழிக்கப்பட்டது என்று பட்டியலிட்ட கடிதம், பொறுப்பானவரின் கையொப்பத்துடன்.

அந்தக் கடிதமும் பொய்யாக இருக்கலாம். முழுமையாகச் சோதிக்க வெளியில் நிற்கும் எவராலும் முடியாது. சிலவற்றைப் பார்க்கலாம். பழைய நிறுவனத்தை விட்டு இரண்டு மாதங்களின் பின், அதன் தளத்தில் பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். உறுப்பினர் பட்டியல் அப்படியே திறந்தது. பழைய ஒப்பந்தத்தில் அழிப்பது பற்றி ஒரு வரியும் இல்லாததால், கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. மூன்று கடிதங்கள் போன பிறகுதான் கணக்கு மூடப்பட்டது. காப்புப் பிரதி என்னவாயிற்று என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முதல் நாள் தலைவி இன்னொரு கேள்வி கேட்டார். “இவ்வளவும் எழுதிறம். அந்தக் குறிப்பு நிரலை அவைக்கு ஏன் குடுக்கவேணும்? தவணை கணக்குப் பாக்க அது தேவையில்லையே?”

தேவையில்லைதான். குறிப்பு நிரலை வெட்டிய பிறகே கோப்பு நிறுவனத்துக்குப் போனது. அந்த விபரங்கள் இப்போது ஒரு கொப்பியில், சங்கத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கின்றன. சாவி இரண்டு பேரிடம்.