அரச சாலை (பாரசீகம்)

அகாமனியப் பேரரசு (கி.மு. 550–330) தன் மாகாணங்களோடு தொடர்பு கொள்ளப் பயன்படுத்திய சாலைகளும், அவற்றில் இயங்கிய தூதஞ்சல் முறையும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. மேற்குத் துருக்கியின் சார்டிஸ் நகரிலிருந்து ஈரானின் சூசா வரை சென்ற சுமார் 2,500 கிலோமீட்டர் வழியே இவற்றுள் புகழ்பெற்றது.

தோற்றம். அசீரியப் பேரரசு கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே 'அரசனின் வழி' என்ற பெயரில் சாலைகளைப் பராமரித்து, கோவேறு கழுதைகளில் தூதர்களை மாற்றி மாற்றி அனுப்பியது. பாரசீகத்தில் இம்முறையைத் தொடங்கியவர் சைரஸ் என்கிறார் செனபோன். குதிரை ஒரு நாளில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்து, அந்த இடைவெளியில் சாவடிகளை அமைத்தார் என்பது அவர் கூற்று. முதலாம் டேரியஸின் ஆட்சியிலேயே அது முழு வடிவம் பெற்றது என்று கருதுவோரும் உண்டு.

கிரேக்கச் சான்றுகள். சார்டிஸ்–சூசா வழியில் 111 சாவடிகள் இருந்தன, நடந்து போனால் 90 நாள் ஆகும் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆனால் பகுதி பகுதியாக அவர் தரும் சாவடி எண்ணிக்கையைக் கூட்டினால் 111 வருவதில்லை. படியெடுத்தபோது சில வரிகள் விடுபட்டிருக்கலாம். சாலை அனத்தோலியாவின் வடபகுதி வழியே சென்றதா, தென்பகுதி வழியே சென்றதா என்பதிலும் கருத்து வேறுபாடு உள்ளது. கோர்டியன் அருகே கண்டெடுக்கப்பட்ட கல் பாவிய பகுதி முன்பு அரச சாலை எனப்பட்டது; இப்போது அதைப் பலர் உரோமர் காலத்ததாகக் கொள்கின்றனர்.

விரைவுத் தூதுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. வழி எத்தனை நாளுக்குரியதோ அத்தனை குதிரைகளும் ஆட்களும் வழிநெடுக நிறுத்தப்பட்டிருந்தனர். முதலாமவர் இரண்டாமவரிடமும் அவர் மூன்றாமவரிடமும் செய்தியைக் கைமாற்றினர். தூதர்கள் இரவிலும் ஓடினர் என்கிறார் செனபோன். சார்டிஸிலிருந்து சூசாவுக்குச் செய்தி ஏழு முதல் ஒன்பது நாளில் போயிருக்கலாம் என்பது இக்கால ஆய்வாளர் பலரின் கணக்கு. நேரடிச் சான்று கிடையாது.

பெர்செபொலிஸ் பலகைகள். 1933–34இல் பெர்செபொலிஸின் கோட்டை மதில் பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளைத் தோண்டியெடுத்தது. பெரும்பாலானவை ஈலமிய மொழியில் உள்ளன, காலம் கி.மு. 509–493. இவை காவியமல்ல, மாவுக் கணக்கு. இம்முறையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி இந்த மாவுக் கணக்கிலிருந்துதான் கிடைத்தது.

அரசனோ மாகாண ஆளுநரோ தந்த முத்திரைச் சீட்டு பயணியின் கையில் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் சாவடிக் கிடங்கில் மாவும், சில வேளைகளில் பீரோ மதுவோ அளந்து தருவார்கள். கொடுத்ததைக் களிமண்ணில் எழுதி முத்திரை பதித்துத் தலைமைக் கணக்ககத்துக்கு அனுப்பினர்.

டேரியஸின் 23ஆம் ஆண்டு (கி.மு. 499), இரண்டாம் மாதப் பலகை ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. அபத்தேமா என்பவர் இந்தியாவிலிருந்து, அதாவது சிந்துப் பகுதியிலிருந்து, சூசாவுக்குப் போகிறார். அரசனின் சீட்டு அவரிடம் இருக்கிறது. அவருக்கு ஒரு நாளைக்கு 70 'கா' மாவு, உடன்வந்த 20 பேருக்குத் தலைக்கு 2 கா, ஆக 110 கா. ஒரு கா ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தனியொருவர் 70 கா மாவை உண்ண முடியாது. அது அவருடைய தகுதிக்கேற்ற படி, மிச்சம் பரிவாரத்துக்குப் போயிருக்கலாம். பலகையில் பதிந்த முத்திரை அவருடன் சென்ற வழிகாட்டியுடையது. அபத்தேமா என்ன செய்தி கொண்டுபோனார் என்பதைப் பலகை சொல்லவில்லை. கணக்கருக்கு அது தேவைப்படவுமில்லை.

எகிப்தின் ஆளுநர் அர்சாமா தோலில் எழுதித் தந்த அரமேயச் சீட்டு ஒன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. அவருடைய அதிகாரி எகிப்துக்குப் போகும் வழியில் எந்தெந்தப் பண்ணையில் எவ்வளவு மாவு, மது, குதிரைக்குத் தீவனம் பெறலாம் என்று அதில் குறிக்கப்பட்டுள்ளது. ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் கூடுதல் படி தரக்கூடாது என்பது அதன் கண்டிப்பான வாசகம். இத்தகைய தங்கல்கள் நடந்திருந்ததால்தான் அந்த வாசகம் தேவைப்பட்டது போலும்.

வரம்புகள். சாலைகளில் காவல் இருந்தது. அதனால் அரசனுக்கு எதிரான கடிதம் போவது கடினம். சூசாவிலிருந்த மிலேத்தஸ் ஆட்சியாளர் ஹிஸ்தியேயஸ் ஓர் அடிமையின் தலையை மழித்து, அதில் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்த பின் மிலேத்தஸுக்கு அனுப்பினார் என்பது ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை. கி.மு. 499இல் அங்கு வெடித்த கிளர்ச்சியோடு அவர் இதை இணைக்கிறார்.

கி.மு. 493க்குப் பின் இத்தகைய மாவுக் கணக்குகள் கிடைக்கவில்லை. பிற்காலக் கணக்குகள் தோலில் எழுதப்பட்டு மட்கியிருக்கலாம்.

பிற்காலம். அலெக்சாந்தருக்குப் பின் அவருடைய தளபதி ஆன்டிகோனஸும் எகிப்தின் தாலமிகளும் தூதஞ்சலை நடத்தினர். உரோமில் அகஸ்டஸ் முதலில் இளைஞர்களை நிறுத்திக் கைமாற்றச் செய்து, பிறகு வண்டிகளுக்கு மாறினார். ஒரே ஆள் முழு வழியும் வந்தால் அவரிடம் நேரில் விசாரிக்கலாம் என்பதே சுவெட்டோனியஸ் சொல்லும் காரணம்.

அண்மைக் காலம். பெர்செபொலிஸ் பலகைகள் ஆய்வுக்காகவே சிகாகோவுக்குக் கடனாகத் தரப்பட்டவை. ஈரான் தர வேண்டிய இழப்பீட்டுக்கு ஈடாக அவற்றைக் கைப்பற்றக் கோரிய வழக்கில் 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஈரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019இல் ஒரு பெருந்தொகுதி தெஹ்ரான் திரும்பியது.