உரையாடல் காட்சியின் படத்தொகுப்புத் தாளம்

உரையாடல் காட்சியில் பேசுபவரிடமிருந்து கேட்பவருக்கு எந்தக் கணத்தில் மாறுவது என்ற முடிவுகளால் அமையும் கால ஒழுங்கு. விழும் இடத்தைப் பொறுத்து வெட்டு மூவகைப்படும்.

வசன வெட்டு, பேச்சு முடிந்ததும் அடுத்தவருக்கு மாறுவது. தகவல் தெளிவாகச் சேரும். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் இப்படி மாறினால் காட்சி டென்னிஸ் ஆட்டம்போல் ஆகிவிடும். இதைத் தவிர்க்க, அடுத்தவரின் குரலைப் படத்துக்குச் சில பிரேம்கள் முன்பே தொடங்கவிடுவர்.

எதிர்வினை வெட்டில், குரல் தொடரும்போதே படம் கேட்பவரின் முகத்துக்குச் செல்லும். மௌன வெட்டு, பேச்சுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நீட்டியோ சுருக்கியோ அமைவது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 12 பிரேம் கூடினாலே தயக்கம் புலப்படும்.

எடுத்துக்காட்டாக, பிரசன்ன விதானகே இயக்கி, ஏ. ஸ்ரீகர் பிரசாத் தொகுத்த 'பாரடைஸ்' (2023), பொருளாதார நெருக்கடிக் கால இலங்கையின் மலையகத்தில் நிகழ்கிறது. கேரளத் தம்பதியின் பொருள்கள் களவுபோக, பொலிஸார் தோட்டத் தமிழ் இளைஞர்களைப் பிடித்துவந்து கணவனிடம் அடையாளம் கேட்கின்றனர். இத்தகைய சூழலில் வெட்டே காட்சியின் பொருளை மாற்றும். பதில் முடியும்வரை கணவனிடமே நின்றால் அது சாட்சியம். பதிலுக்கு முன்பே மனைவியிடம் மாறினால் அது சந்தேகம். கேள்விக்குப் பிந்திய மௌனத்தை நறுக்கிவிட்டால், தடுமாறும் மனிதனும் உறுதியாகச் சொல்வதாகத் தோன்றும்.

தாளப் பிழையை அறிய, தொகுப்பாளர்கள் ஒலியை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பதுண்டு.