மறுநுழைவு அனுமதி (அமெரிக்கா)

மறுநுழைவு அனுமதி (ரீஎன்ட்ரி பெர்மிட்) என்பது கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே இருக்க நேரும்போது, திரும்பி நுழைவதற்காக முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் பயண ஆவணம். அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை இதை வழங்குகிறது. பார்ப்பதற்குப் பாஸ்போர்ட் போன்ற சிறு புத்தகம். இந்தியர் ஒருவர் இதை வாங்கினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் செல்லுபடியாகும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் 10 ஆண்டுக் காலாவதித் தேதியைப் பார்த்து, அதுவரை எங்கே இருந்தாலும் உரிமை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேதி அட்டைக்கு உரியது, வசிப்புரிமைக்கு உரியதல்ல. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்ற அடிப்படையில் கொடுக்கப்பட்ட உரிமை அது. குடியிருப்பை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டவர் அட்டை காலாவதியாகும் முன்பே அதை இழந்துவிடலாம்.

வெளியே இருக்கும் காலத்தில் இரண்டு எல்லைகள் முக்கியமானவை. தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்து திரும்புபவரைச் சட்டம் புதிதாக நுழைவு கேட்பவராகவே பார்க்கும். விமான நிலையத்தில் கேள்விகள் கூடும். ஓராண்டு நிறைந்துவிட்டால் கிரீன் கார்டு நுழைவு ஆவணமாக ஏற்கப்படாது. விமான நிறுவனமே ஏற்ற மறுக்கலாம். இந்த இரண்டு எல்லைகளைக் கடக்காமல் இருந்தாலே போதும் என்று சொல்லவும் முடியாது. ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வந்தாப் போதும்’ என்று புலம்பெயர்ந்த குடும்பங்களில் சொல்லிக்கொள்வது சட்டத்தில் எங்கும் இல்லை. குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1975-இல் தீர்ப்பளித்த கேன் வழக்கில், ஆண்டுக்கு ஏறத்தாழ 11 மாதம் ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திவிட்டு, சிறிது காலத்துக்கு மட்டும் அமெரிக்கா வந்துபோனவர் வசிப்புரிமையைக் கைவிட்டவராகவே கருதப்பட்டார்.

அதிகாரி தேடுவது பயணத்தின் தன்மையை. போனது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகவா, அது எப்போது முடியும், வேலையும் குடும்பமும் சொத்தும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேட்பார். அமெரிக்காவில் வரிக் கணக்கை எப்படித் தாக்கல் செய்தார் என்பதும் பார்க்கப்படும். வசிப்பவராக இல்லை என்று தாக்கல் செய்த வரிப்படிவம் உரிமைக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். திரும்பி வரவேண்டும் என்ற ஆசை மனத்தில் இருந்தது என்று சொல்வது மட்டும் செல்லாது. 1988-இல் வாரியம் முடிவு செய்த ஹுவாங் வழக்கு இதைத் தெளிவாக்கியது: ஆசைக்குச் சான்றாக நடத்தை இருக்க வேண்டும். பெற்றோர் கைவிட்டதாக முடிவானால், அவர்களுடன் வெளிநாட்டில் வளர்ந்த சிறு குழந்தைகளின் உரிமையும் சேர்ந்து போகக்கூடும்.

மறுநுழைவு அனுமதி இந்தச் சிக்கலில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கிறது. அது கையில் இருந்தால், வெளியே இருந்த கால அளவை மட்டும் காரணம் காட்டி உரிமையைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. திரும்புவதற்கு விசாவும் தேவையில்லை. போகும்போதே திரும்பும் எண்ணம் இருந்தது என்பதற்கும் அது நல்ல சான்று. ஆனால் மதுரையில் புதிதாகக் கடை திறந்து நடத்திக்கொண்டிருப்பவரை அது காப்பாற்றாது.

விண்ணப்பம் ஐ-131 என்ற படிவத்தில். 2024 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 630 டாலர். பலர் சறுக்குவது படிவத்தில் அல்ல, அதைக் கொடுக்கும் இடத்தில். விண்ணப்பம் துறையின் கைக்குப் போகும் நாளில் விண்ணப்பதாரர் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். சென்னை வந்து சேர்ந்தபின் மகன் அங்கிருந்து அனுப்பிவைத்தால் அது செல்லாது. அடுத்ததாக, 14 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்கள் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க அழைக்கப்படுவார்கள். அதையும் அமெரிக்காவில்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே விமானம் ஏறியவர் அந்த நாளுக்காகவே திரும்பிவர வேண்டியிருக்கும். வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக மூடப்படலாம். எனவே பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பு விண்ணப்பிப்பது நல்லது. கைரேகை முடிந்துவிட்டால் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது அமெரிக்க முகவரிக்கு வரலாம். படிவத்திலேயே கேட்டுக்கொண்டால் வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திலும் பெறலாம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. நியூ ஜெர்ஸியிலுள்ள மகன் மூலம் 2021 ஜூனில் கிரீன் கார்டு பெற்ற ஒரு தாய், மதுரை வீட்டுப் பாகப்பிரிவினையை முடிக்கவும் படுத்த படுக்கையான அண்ணனைப் பார்த்துக்கொள்ளவும் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் 10-இல் விண்ணப்பம் போய்ச் சேர்கிறது. ஏப்ரல் 5-இல் கைரேகை. ஏப்ரல் 12-இல் புறப்படுகிறார். அனுமதி நவம்பர் 20-இல்தான் வெளியாகிறது. அனுமதி செல்லுபடியாகும் இரண்டாண்டு என்பது புறப்பட்ட நாளிலிருந்து அல்ல, அது வெளியான நாளிலிருந்து கணக்கு. ஆக அவர் 2025 நவம்பருக்குள் திரும்பினால் போதும். அக்டோபரில் திரும்புகிறார், இரண்டரை ஆண்டு வெளியே இருந்திருக்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரமும் அண்ணனின் மருத்துவச் சீட்டுகளும் கைப்பையில் இருந்தால், போனது எதற்கு, அது முடிந்ததா என்ற கேள்விக்கு அவரால் உடனே பதில் காட்ட முடியும்.

இந்த அனுமதியை நீட்டிக்க முடியாது. மீண்டும் வேண்டுமானால் அமெரிக்கா வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடந்த ஐந்தாண்டில் மொத்தம் நான்காண்டுக்கு மேல் வெளியே இருந்தவருக்கு, சில விதிவிலக்குகள் தவிர, ஓராண்டுக்கு மட்டுமே கிடைக்கும். மேலே சொன்ன தாயின் கணக்கு இரண்டரை ஆண்டு என்பதால் அவருக்கு இன்னொரு முழு இரண்டாண்டு அனுமதி கிடைக்க வழி உண்டு. திருமணம் மூலம் இரண்டாண்டுக்கு மட்டும் அட்டை பெற்ற நிபந்தனை வசிப்பாளர்களுக்கு, நிபந்தனையை நீக்கக் கோரும் கெடுவைத் தாண்டி அனுமதி செல்லாது.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: இந்த அனுமதி குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கைக் காப்பதில்லை. ஓராண்டு நிறைய வெளியே இருந்ததால் அந்தத் தாயின் ஐந்தாண்டுக் கணக்கு அறுந்துவிட்டது. திரும்பியபின் நான்காண்டுக்கு மேல் காத்திருந்தே அவர் விண்ணப்பிக்க முடியும்.

அனுமதி இல்லாமலே ஓராண்டைத் தாண்டியவருக்கு எஸ்பி-1 என்ற திரும்பும் வசிப்பாளர் விசா உண்டு. திரும்பும் எண்ணத்துடனேயே புறப்பட்டதையும், தாமதம் தன் கையை மீறியது என்பதையும் தூதரகத்தில் நிறுவ வேண்டும். நீண்ட மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணங்கள் எடுபடும். ‘ஊரில் வேலை முடியவில்லை’ என்பது பொதுவாக எடுபடாது.

விமான நிலையத்தில் அதிகாரி ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அது உரிமையைத் தானே முன்வந்து ஒப்படைக்கும் படிவம். கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்தால் வழக்கு குடிவரவு நீதிபதியிடம் போகும். கைவிட்டதைத் தெளிவான, உறுதியான சான்றுகளால் நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. களைப்பில், மொழி புரியாமல் கையெழுத்திட்டுவிடும் முதியவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். மறுபுறம், ஊரில்தான் இருக்கப்போகிறோம், பேரக்குழந்தைகளைப் பார்க்க மட்டும் வந்துபோவோம் என்று முடிவெடுத்த பெற்றோருக்கு அதே படிவம் நேர்மையான வழி. அதைக் கொடுத்துவிட்டுச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பின்னாளில் மனம் மாறினால், அமெரிக்கக் குடிமகனான மகனோ குடிமகளான மகளோ மீண்டும் அவர்களுக்காக மனு செய்யத் தடையில்லை.