வீடு யார் பெயரில்?

மத்திய பட்ஜெட்டில் அறிவித்த நிதி பெண்களைச் சேர்ந்ததா எனக் கேட்டுவரும் செயற்பாட்டாளர்களிடம், இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் படிக்குமாறு நான் கூறுவதுண்டு.

முதலாவது, 2005-06 முதல் வெளியாகும் பாலின நிதிநிலை அறிக்கை. முழுவதும் பெண்களுக்கெனக் கருதப்படும் திட்டங்கள் அதன் முதல் பகுதியில் இடம்பெறும். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் அங்கேதான் சேர்க்கப்பட்டு வந்துள்ளது. வீட்டைப் பெண்ணின் பெயரிலோ தம்பதியர் கூட்டுப் பெயரிலோ ஒதுக்க வேண்டும் என்பது விதி. மனைவியை இழந்தவர், மணமாகாதவர் போன்றோருக்கு விலக்கு உண்டு.

இரண்டாவது, விளைபயன் நிதிநிலை அறிக்கை. கட்டி முடிக்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையை இது இலக்காகத் தரும். ஆனால், எண்ணிக்கை உரிமையாளரைக் காட்டாது.

ஓர் ஊராட்சியில் 40 வீடுகள் என்று கொள்வோம். பெண் பெயரில் 10, கூட்டாக 18, ஆண் பெயரில் 12 என்றாலும், நாற்பதின் தொகையும் பெண்கள் கணக்கில்தான் ஏறும். மேலும், மாநிலத்துக்கு விடுவித்த தொகையே மத்திய அரசின் கணக்கில் செலவாகிவிடுகிறது.

ஆகவே, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சிவாரியாக இரண்டைக் கேளுங்கள்: ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் உள்ளது? தவணைத் தொகை யாருடைய வங்கிக் கணக்கில் சேர்ந்தது? அறிவிப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் புலப்படும்.