டைப்ரைட்டர் கீபோர்டில் எழுத்துகள் ஏன் வரிசையாக இல்லை? தமிழ் விசைப்பலகை பிறந்த கதை

எமரால்டில் காலை பஸ் பிடித்து ஊட்டிக்கு டைப்பிங் கிளாஸ் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சொல்லித் தருவது அ, ஆ, இ கிடையாது. 'யளனகப' தான். இடது கை விரல்களை வைக்கும் ஐந்து எழுத்துகள் அவை. வலது கைக்கு ா, த, ம, ட, கடைசியில் புள்ளி. அகர வரிசையும் இல்லை, வேறு எந்த வரிசையும் இல்லை. யார் இப்படிக் கலைத்துப் போட்டது?

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷோல்ஸ் ஆரம்பத்தில் அகர வரிசையில்தான் அடுக்கினார். அதன் மிச்சம் இன்றும் நடு வரிசையில் இருக்கிறது: டி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, எல். பிறகு எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டே போனார். அருகருகே உள்ள இரண்டு அச்சுக் கம்பிகள் ஒரே நேரத்தில் எழும்பினால் சிக்கிக்கொள்ளும், அதைத் தவிர்க்கத்தான் மாற்றினார் என்பது பலரும் சொல்லும் காரணம். ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் இ, ஆர் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றனவே! ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தந்தி ஆபரேட்டர்களின் வசதிக்காகவே இந்த அமைப்பு உருவானது என்கிறார்கள். 'டைப் செய்பவரை மெதுவாக்கத்தான் இப்படி வைத்தார்கள்' என்ற பேச்சை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

தமிழுக்கு வந்த சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. டைப்ரைட்டரில் இருப்பதோ 40 சொச்சம் விசைகள். ஷிப்ட் அழுத்தினாலும் 90 இடங்கள்தான் தேறும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போன ஆர்.முத்தையா இதற்கு வழி கண்டார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று சொல்வது இவரைத்தான். எழுத்துகளை முழுசாக வைக்காமல் துண்டு துண்டாகப் பிரித்தார். 'கொ' என்பதற்குத் தனி விசை தேவையில்லை. ெ, க, ா என்று மூன்றையும் இடமிருந்து வலமாக அடித்தால் போதும்.

புள்ளிக்குத்தான் யோசனை தேவைப்பட்டது. அது எழுத்தின் பக்கத்தில் வராது, தலைக்கு மேல் உட்கார வேண்டும். அதற்கு வந்ததுதான் 'நகரா விசை'. சாதாரண விசையை அடித்தால் காகிதம் சுற்றியிருக்கும் உருளை ஒரு இடம் நகரும். நகரா விசையை அடித்தால் புள்ளி மட்டும் விழும், உருளை அசையாது. அடுத்து 'ம' அடித்தால் அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே விழும். அதாவது கையால் எழுதும்போது 'ம' போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறோம், மெஷினில் புள்ளி முதலில். புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. மாற்றி அடித்தால் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். பேப்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக, இந்த அமைப்பு நாம் உச்சரிக்கும் வரிசைப்படி இல்லை, எழுத்தின் உருவத்தைக் காகிதத்தில் வரையும் வரிசைப்படி இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 'தமிழ்99' அமைப்பை அறிவித்தது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் வரிசை பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். டைப்ரைட்டர் முறையில் அ, புள்ளி, ம, ம, ா என ஐந்து தட்டு. தமிழ்99-ல் அ, ம, ம, ஆ என நான்கே தட்டு; முதல் 'ம'-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். தமிழில் ஓயாமல் வரும் புள்ளியை டைப்ரைட்டர் வலது கைச் சுண்டு விரலுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்99-ல் அது இடது கை ஆள்காட்டி விரலுக்கு மாறிவிட்டது. விரல் வலிக்க டைப் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

அப்படியிருந்தும் 'யளனகப' ஏன் போகவில்லை? காரணம் வேலைதான். டி.என்.பி.எஸ்.சி தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வின் சான்றிதழ் வேண்டும். அந்தத் தேர்வுக்குப் பயிற்சி டைப்ரைட்டர் மெஷினில். இந்தியாவில் கடைசி வரை டைப்ரைட்டர் தயாரித்த கோத்ரெஜ் நிறுவனமே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய மெஷின்களை ரிப்பேர் செய்துதான் இன்ஸ்டிடியூட்கள் ஓட்டுகின்றன. தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அவர் விரல் பழைய இடத்தைத்தான் தேடும். அவருக்காகவே டி.டி.பி சென்டர்களில் ஓடும் பாமினி போன்ற எழுத்துருக்களும் அதே நடு வரிசையை வைத்துக்கொண்டன. 1999 மாநாடும் பழைய தட்டச்சு முறையை ஒரேயடியாக ஒதுக்கவில்லை, மாற்று வழியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தது.

எனவே எமரால்டிலிருந்து கிளாஸுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு நடைமுறைத் தகவல். அரசுத் தேர்வுதான் குறி என்றால் மெஷின் முறையை முதலில் பழகுங்கள், புள்ளி முதலில் என்பதைக் கை மறக்கக் கூடாது. செல்போனிலோ வீட்டு கம்ப்யூட்டரிலோ மட்டும் தமிழ் அடிக்க நினைப்பவர் நேராகத் தமிழ்99-க்கே போகலாம்.