கல்லாவும் லாபமும்

கடையில் பணம் போடும் பெட்டிதான் கல்லா. இந்தி, உருது வழக்கிலிருந்து வந்த சொல். ‘லாபம்’ வடமொழி. அதன் வேருக்குப் ‘பெறுதல்’ என்று பொருள். வேரைப் பார்த்தால் கைக்கு வந்ததெல்லாம் லாபம்தான்!

கணக்கு அப்படிச் சொல்லாது.

ஒரு டீக்கடைக்காரரின் கதை. இரவு கல்லாவில் 4,000 ரூபாய் இருந்தது. மனிதருக்கு ஒரே குஷி.

“அண்ணே, இதுல 500 நாளைய ஆர்டருக்கு வாங்குன அட்வான்ஸ்” என்றான் கடைப் பையன்.

ஆக, அன்றைய விற்பனை 3,500 மட்டுமே. பால் 1,400; அது வாரக் கடைசியில் கொடுக்கவேண்டிய கடன் என்பதால் கல்லாவில் தெரியவில்லை. தூள், சர்க்கரை 600, கேஸ் 400, வாடகை 300, பையன் சம்பளம் 600; இவையும் இன்னும் கல்லாவிலிருந்து போகவில்லை. செலவு 3,300.

லாபம் 200. அதிலும் அவருடைய கூலி சேரவில்லை.

மறுநாளே பால் காசுக்குத் தனி டப்பா வைத்தார்.