நழுவும் ஏணிக் கணக்கு: அலகும் குறியும் பிடிக்கும் பிழைகள், நழுவவிடும் பிழைகள்

ஆய்வுச் சுருக்கம்

தொடர்புடைய வீதக் கணக்குகளில் விடையைச் சரிபார்க்க அலகையும் குறியையும் பார்க்கச் சொல்வது வழக்கம். இவ்விரண்டும் ஒரே வகைப் பிழையைப் பிடிப்பவை அல்ல. அலகுச் சோதனை வகையிடும்போது நேரும் பிழையைக் காட்டுகிறது; குறிச் சோதனை திசையைப் பற்றிய பிழையைக் காட்டுகிறது. இரண்டுக்கும் அகப்படாத பிழையும் உண்டு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் உள்ள ஏணிக் கணக்கைக் கொண்டு இக்கட்டுரை இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

1. கணக்கும் அதன் விடையும்

திருவேற்காட்டிலிருந்து ஆவடி வரை எந்த மேனிலைப் பள்ளியிலும் மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதம் எடுத்த மாணவர் இந்தக் கணக்கைக் கடந்துதான் வருகிறார். 17 மீட்டர் நீள ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து வினாடிக்கு 5 மீட்டர் வீதம் விலகுகிறது. அடி 8 மீட்டர் தொலைவில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? ஏணி, சுவர், தரை மூன்றும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு என்ன வீதத்தில் மாறும்?

அடியின் தொலைவை x என்றும் உச்சியின் உயரத்தை y என்றும் கொண்டால் x² + y² = 289. x = 8 எனில் y = 15. நேரத்தைப் பொறுத்து வகையிட,

2x(dx/dt) + 2y(dy/dt) = 0

dy/dt = −(x/y)(dx/dt) = −(8/15)(5) = −8/3 மீ/வி.

பரப்பு A = xy/2. ஆகவே dA/dt = ½[x(dy/dt) + y(dx/dt)] = ½[8(−8/3) + 15(5)] ≈ 26.83 மீ²/வி.

விடை வந்துவிட்டது. பாடநூலின் பின்பக்கத்தைப் புரட்டாமல் இது சரியென்று எப்படித் தெரிந்துகொள்வது?

2. அலகு பிடிக்கும் பிழை

வகையிட்ட சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பின் கீழும் அதன் அலகை எழுதிப் பார்க்கலாம். x மீட்டரில், dx/dt மீ/வி அலகில், பெருக்கினால் மீ²/வி. y(dy/dt) உறுப்பும் அதே அலகில்தான் இருக்கிறது. கூட்டப்படும் உறுப்புகள் எல்லாம் ஒரே அலகில் இருக்கவேண்டும் என்ற நெறி பதினோராம் வகுப்பு இயற்பியலின் தொடக்கத்திலேயே வருகிறது. கணித வகுப்பில் அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

நினைவுபடுத்த வேண்டிய காரணம் இதுதான். ஏணியின் நீளத்தை எண்ணாகப் போடாமல் L என்றே வைத்துக்கொண்ட மாணவர் வலப்பக்கத்து L²-ஐயும் வகையிட்டு 2L என்று எழுதிவிடுகிறார். L மாறிலி என்பதை மறந்ததால் வந்த பிழை. அதன்படி 80 + 30(dy/dt) = 34. dy/dt ≈ −1.53 என்று வரும். குறி சரியாகவே இருக்கிறது, அளவும் நம்பும்படி இருக்கிறது. எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் பிழை தெரியாது. சமன்பாட்டைப் பார்த்தால் உடனே தெரியும்: இடப்பக்கம் மீ²/வி, வலப்பக்கத்து 2L வெறும் மீட்டர்.

சங்கிலி விதியை விட்டுவிட்டு 2x + 2y(dy/dt) = 0 என்று எழுதுபவரும் இப்படியே அகப்படுவார். அவருக்கு −8/15 வரும். முதல் உறுப்பு மீட்டர், இரண்டாவது மீ²/வி. இரண்டையும் கூட்ட வழியில்லை.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் சோதனையை எண்களைப் பிரதியிடுவதற்கு முன்பே செய்யவேண்டும். 80 + 30(dy/dt) = 34 என்ற வரியில் எந்த எண்ணுக்கும் அலகு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கடைசி வரியில் 'மீ/வி' என்று சேர்த்து எழுதுவது விடைத்தாளுக்கு அழகு. அதற்குச் சோதனை என்று பெயரில்லை.

3. அடியும் சென்டிமீட்டரும்

பாடநூல் மீட்டரில் பேசுகிறது. கட்டடத் தொழில் அடியில் பேசுகிறது. திருவேற்காட்டில் மாடி எழுப்பும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் சாத்துவது இருபதடி ஏணி. அதன் கால் சுவரிலிருந்து 12 அடியில், உச்சி 16 அடி உயரத்தில் இருக்கும் கணத்தில் கால் வினாடிக்கு 10 செ.மீ. நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

உச்சியின் வேகம் −(12/16)(10) = −7.5 செ.மீ./வி. நீளம் அடியிலும் வீதம் சென்டிமீட்டரிலும் இருக்க, அலகை மாற்றாமலே விடை சரியாக வந்திருக்கிறது. x/y என்ற விகிதத்தில் அடி அடியோடு நீங்கிவிடுவதே காரணம். 'எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொண்டுதான் தொடங்கவேண்டும்' என்பது பாதுகாப்பான பழக்கமே தவிர, கட்டாயம் இல்லை.

பரப்புக்கு வந்தால் நிலைமை வேறு. ½[12(−7.5) + 16(10)] = 35. எதில் 35? சதுர அடியிலா, சதுர சென்டிமீட்டரிலா? இரண்டிலும் இல்லை. அலகை எழுதிப் பார்த்தால் அடி × செ.மீ./வி. ஓர் அடி 30.48 செ.மீ. ஆகையால் விடை வினாடிக்கு ஏறத்தாழ 1,067 சதுர சென்டிமீட்டர். '35 சதுர செ.மீ.' என்று எழுதியவர் முப்பது மடங்கு குறைத்து எழுதியவராகிறார். அலகுக் கலப்பு எங்கே தீங்கில்லாதது, எங்கே விடையைக் கெடுக்கும் என்பதை உறுப்புக்கு உறுப்பு அலகை எழுதுவதுதான் சொல்லும்.

4. குறி பிடிக்கும் பிழை

y = √(289 − x²) என்று எழுதி வகையிடும் மாணவர், உள்ளே இருக்கும் −x²-இன் கழித்தல் குறியைத் தவறவிட்டால் +8/3 கிடைக்கும். அலகு பழுதற்றது. ஆனால் y தரையிலிருந்து மேல்நோக்கி அளக்கப்படுவது. நேர்க்குறி என்றால் உச்சி சுவரில் ஏறுகிறது என்று பொருள். அலகு விட்டதைக் குறி பிடித்துவிடுகிறது.

x = 8, y = 15 என்று முதலிலேயே பிரதியிட்டுவிட்டு வகையிடுபவரும் இங்கேதான் சிக்குவார். எல்லாம் மாறிலிகளாகிவிட, வீதம் சுழி ஆகிவிடும். அடி நகரும்போது உச்சி அசையாமல் நிற்க முடியாது.

விடையைச் சொல்லும் விதத்திலும் குறிக்கு வேலை உண்டு. 'உச்சி −8/3 மீ/வி வேகத்தில் கீழே இறங்குகிறது' என்று பலர் எழுதுகிறார்கள். 'கீழே' என்ற சொல்லும் கழித்தல் குறியும் ஒரே செய்தியை இருமுறை சொல்லி ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. dy/dt = −8/3 என்று எழுதலாம்; 8/3 மீ/வி வேகத்தில் இறங்குகிறது என்றும் எழுதலாம்; இரண்டையும் கலக்கக்கூடாது.

பரப்பின் குறியை ஊகிப்பது இவ்வளவு எளிதன்று. ஏணி சரிகிறது, ஆகவே முக்கோணம் சுருங்கும் என்று மனம் சொல்லும். விடையோ +26.83. உச்சி இறங்குவதால் இழக்கும் பரப்பைவிட அடி விலகுவதால் பெறும் பரப்பு இந்தக் கணத்தில் அதிகம். dy/dt-ஐப் பிரதியிட்டுச் சுருக்கினால் dA/dt = (y² − x²)(dx/dt)/(2y). y பெரிதாக இருக்கும்வரை பரப்பு கூடும்; x = y ஆகும்போது, அதாவது அடி 12.02 மீட்டரில் இருக்கும்போது, உச்சம் தொடும், அதன்பின் குறையும். குறிச் சோதனைக்குக் காரணத்தோடு சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு வேண்டும். வெறும் ஊகத்தை வைத்துச் சோதித்தால் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுத நேரும்.

5. இரண்டுக்கும் அகப்படாத பிழை

விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிட்டால் என்னாகும்? dy/dt = −(y/x)(dx/dt) = −(15/8)(5) = −9.375 மீ/வி. அலகு சரி, குறி சரி, விடை தவறு. x/y போலவே y/x-உம் அலகற்ற எண், நேர்க்குறி கொண்டது. ஆகவே இரண்டு சோதனைகளும் இந்தப் பிழையைத் தடையின்றி உள்ளே விட்டுவிடும். 2 என்ற காரணி தொலைந்துபோவதும் இதே இனம்.

இதற்கு மூன்றாவதாக ஒன்று தேவை: எல்லை நிலைகளைப் பார்ப்பது. ஏணி ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கும்போது x சுழியை நெருங்குகிறது. அப்போது அடியைச் சற்று இழுத்தால் உச்சி அசைவது மிகக் குறைவாகவே இருக்கும். −(x/y)(dx/dt) சுழியை நெருங்கி இதற்கு ஒத்துப்போகிறது. தலைகீழ் வடிவமோ அங்கே எல்லையற்றுப் பெருகுகிறது. ஏணி 45 பாகையில் சாயும்போது இரு முனைகளின் வேகமும் சமம். அதற்கு முன் உச்சி அடியைவிட மெதுவாகவே நகரவேண்டும். 8 மீட்டர் என்பது 12.02-க்கு முந்தைய நிலை என்பதால் விடை 5-ஐவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். 8/3 தேறுகிறது, 9.375 தேறவில்லை.

6. கணக்கு சரி, ஏணி சரியா?

மூன்று சோதனைகளிலும் தேறிய சூத்திரமும் ஓரிடத்தில் பொய்க்கிறது. y சுழியை நெருங்கும்போது −(x/y)(dx/dt) எல்லையற்றதாகிறது. தரையைத் தொடும் கணத்தில் ஏணியின் உச்சி ஒளியைவிட வேகமாகப் பாயும் என்று சொல்வதற்கு இது ஒப்பு. அலகும் குறியும் கடைசிவரை ஒழுங்காகவே இருக்கும். பால் ஷோல்ட்டனும் ஆண்ட்ரூ சைமோசனும் 1996-இல் இதை 'விழும் ஏணி முரண்' என்ற பெயரில் ஆராய்ந்தார்கள்.

பிழை வகையிடலில் இல்லை, x² + y² = L² என்ற தொடக்கத்தில் இருக்கிறது. உச்சி எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று அது கொள்கிறது. சுவரால் ஏணியைத் தள்ளமுடியுமே தவிர இழுத்துப் பிடிக்க முடியாது. சீரான தண்டு, உராய்வு இல்லை, அடி தரையை விட்டு எழாமல் மாறா வேகம் k-யில் இழுக்கப்படுகிறது என்று கொள்வோம். ஏணி தானாகச் சரிவதற்குப் புவியீர்ப்பு தரும் கோண முடுக்கத்தைவிட, சுவரோடு ஒட்டியிருக்கத் தேவையான கோண முடுக்கம் மிகும் கணத்தில் உச்சி சுவரை விட்டு விலகும். அந்த உயரம்:

y³ = 2k²L²/(3g)

இதற்கும் அலகு பார்க்கலாம். k² மீ²/வி², L² மீ², g மீ/வி². வினாடிகள் நீங்கி மீ³ எஞ்சுகிறது, கனமூலம் மீட்டர். k = 5, L = 17, g = 9.8 எனில் y ≈ 7.9 மீட்டர். நம் கணக்கில் உச்சி 15 மீட்டரில் இருக்கிறது. எனவே பாடநூலின் விடை செல்லும். அதே கணக்கில் உச்சி 5 மீட்டரில் இருக்கும்போது வேகம் என்ன என்று கேட்டால், வழக்கமான சூத்திரம் தரும் விடை அலகும் குறியும் பொருந்தியிருந்தும் அந்த ஏணிக்குப் பொருந்தாது.

7. முடிவு

சோதனைகளை எப்போது செய்வது என்பதே வாதத்தின் சாரம். குறியைப் பற்றிய எதிர்பார்ப்பைக் காரணத்தோடு வகையிடலுக்கு முன்பே எழுதிவிடவேண்டும். விடையைக் கண்டபின் எழுதினால் அது விடைக்கேற்ப வளைந்துவிடும். அலகை வகையிட்டபின், எண்களைப் பிரதியிடுவதற்கு முன், உறுப்புக்கு உறுப்பு பார்க்கவேண்டும். எல்லை நிலைகளை எழுத்துருவில் உள்ள சூத்திரத்தில் பார்க்கவேண்டும். −8/3 என்ற எண்ணில் அவற்றைப் பார்க்க இடமில்லை. மூன்றுமே எண் விடை கிடைப்பதற்கு முன் முடிந்துவிடுகின்றன. ஆகையால் இவ்வகைக் கணக்குக்கு மதிப்பெண் பகிரும்போது, அலகு எழுதிய கடைசி வரிக்குத் தரும் மதிப்பெண்ணை வகையிட்ட சமன்பாட்டில் அலகு ஒத்திருப்பதைக் காட்டும் வரிக்கு மாற்றுவதே பொருத்தம்.